சார்ஜ் ஏற எவ்வளவு நேரம்: வாட் அவரை வைத்து எந்தக் கருவிக்கும் கணக்கிடும் முழு வழிகாட்டி

5000 எம்ஏஎச் பேட்டரி உள்ள போன், 25 வாட் சார்ஜர், இப்போது 20 சதவீதம் இருக்கிறது. மீதி 80 சதவீதத்துக்கு வேண்டிய வாட் அவரை, அதாவது பேட்டரிக்குள் இன்னும் சேர வேண்டிய மின்சக்தியின் அளவை, சார்ஜரின் வாட்டால் வகுத்தால் 37 நிமிடத்தில் நிறைந்துவிட வேண்டும் என்று விடை வரும். ஆனால் நடைமுறையில் ஒரு மணி நேரத்தைத் தாண்டி, ஏறக்குறைய இரு மடங்கு ஆகிறது. இதைப் பார்த்துவிட்டு சார்ஜர் போலி, கேபிள் மோசம், பேட்டரி போய்விட்டது என்று ஆளுக்கொரு முடிவுக்கு வருகிறார்கள். பெரும்பாலான நேரங்களில் எதிலும் பழுது இல்லை, கணக்கில் இரண்டு விஷயங்கள் விடுபட்டிருக்கின்றன, அவ்வளவுதான். சார்ஜரில் எழுதியிருக்கும் வாட் முழுவதும் பேட்டரிக்குள் போவதில்லை, கொஞ்சம் சூடாகி வீணாகிறது என்பது ஒன்று. கடைசிப் பகுதியில் பேட்டரியே வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது என்பது இன்னொன்று. இந்த இரண்டையும் சேர்த்துக்கொண்டால் போன், லேப்டாப், பவர் பேங்க், மின்சார ஸ்கூட்டர், வீட்டு இன்வெர்ட்டர் என எதற்கும் ஓரளவு சரியாக நேரத்தைச் சொல்லிவிடலாம்.

முதலில் போனை வைத்து ஒவ்வொரு படியாகப் போகலாம், அப்புறம் அதே முறையை மற்றவற்றில் போட்டுப் பார்க்கலாம்.

படி 1: பேட்டரியின் வாட் அவரைக் கண்டுபிடியுங்கள்

லேப்டாப், பவர் பேங்க் போன்றவற்றில் வாட் அவர் நேராகவே அச்சிடப்பட்டிருக்கும். விமானத்தில் 100 வாட் அவர் வரைதான் சாதாரணமாகக் கொண்டுபோகலாம் என்ற விதி இருப்பதால் அந்த எண் எங்காவது ஒரு மூலையில் சிறு எழுத்தில் கிடைத்துவிடும். போனில் மட்டும் எம்ஏஎச் கணக்குத்தான் விளம்பரத்தில் வரும், அதை மாற்றிக்கொள்ள வேண்டும்.

```
வாட் அவர் = (எம்ஏஎச் ÷ 1000) × பேட்டரியின் வோல்ட்
5000 எம்ஏஎச் போன் = 5 × 3.87 = 19.35 வாட் அவர்
```

இங்கே போட வேண்டியது பேட்டரியின் வோல்ட், சார்ஜரின் 5 வோல்ட் அல்ல. இன்றைய போன் பேட்டரிகளில் இது 3.85 முதல் 3.9 வோல்ட்டுக்குள் இருக்கும். பவர் பேங்குகளில் வழக்கமாக 3.7 போடுவார்கள், அதனால் 10000 எம்ஏஎச் பவர் பேங்க் என்றால் 37 வாட் அவர்.

ஏன் இந்தச் சுற்று, எம்ஏஎச்சை நேரே சார்ஜரின் ஆம்பியரால் வகுத்தால் போதாதா என்று கேட்கலாம். 5000 எம்ஏஎச் பேட்டரி, 2 ஆம்பியர் சார்ஜர், ஆக 2.5 மணி நேரம் என்று பல இடங்களில் எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். பழைய 5 வோல்ட் சார்ஜரில் இது உண்மைக்குப் பக்கத்தில்தான் வரும், ஆனால் அது தற்செயல். 5 வோல்ட்டிலிருந்து பேட்டரியின் 3.87 வோல்ட்டுக்கு இறங்கும்போது ஆம்பியர் கொஞ்சம் கூடுகிறது, வெப்பத்தில் கொஞ்சம் போகிறது, இரண்டும் ஒன்றை ஒன்று ஈடுசெய்துவிடுகின்றன. அதே முறையை 9 வோல்ட், 2.77 ஆம்பியர் சார்ஜரில் போட்டால் 1.8 மணி நேரம் என்று வரும், 5 வோல்ட், 2 ஆம்பியர் சார்ஜரோடு ஒப்பிட்டால் பெரிய வித்தியாசமே இல்லாதது போலத் தோன்றும். அந்த சார்ஜர் தருவதோ 10 வாட் அல்ல, 25 வாட். ஆம்பியர் மட்டும் எதையும் சொல்லாது, எந்த வோல்ட்டில் அந்த ஆம்பியர் என்பது தெரிய வேண்டும். வாட்டுக்கு வந்துவிட்டால் இந்தக் குழப்பம் இல்லை.

பேட்டரி பழையதாக இருந்தால் இப்போது எவ்வளவு பிடிக்கிறதோ அதைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். போனின் பேட்டரி நலன் பக்கத்தில் 85 சதவீதம் என்று காட்டினால் 19.35 ஐ 0.85 ஆல் பெருக்கி 16.4 என்று வைத்துக்கொள்ளுங்கள்.

படி 2: உண்மையில் எத்தனை வாட் வருகிறது

சார்ஜரின் அடியில் அவுட்புட் என்று ஒரு வரி இருக்கும். அதில் ஒன்றுக்கு மேற்பட்ட வோல்ட், ஆம்பியர் ஜோடிகள் இருக்கலாம். 5 வோல்ட் 3 ஆம்பியர் என்றால் 15 வாட், 9 வோல்ட் 2.77 ஆம்பியர் என்றால் 25 வாட். பெரிய எழுத்தில் போட்டிருக்கும் வாட் இவற்றில் அதிகமானது மட்டுமே. எந்த ஜோடி உங்களுக்குக் கிடைக்கும் என்பதை சார்ஜரும் போனும் பேசித்தான் முடிவு செய்கின்றன, அந்தப் பேச்சு ஒத்துவராவிட்டால் இரண்டும் 5 வோல்ட்டுக்கு இறங்கிவிடும்.

ஆகவே சார்ஜர் தரக்கூடியது, போன் வாங்கக்கூடியது, கேபிள் தாங்கக்கூடியது, இந்த மூன்றில் எது குறைவோ அதுதான் உங்கள் வாட். 25 வாட் மட்டுமே வாங்கத் தெரிந்த போனுக்கு 65 வாட் லேப்டாப் சார்ஜரைப் போட்டாலும் 25 தான், அதனால் போனுக்குக் கெடுதலும் இல்லை. மறுபக்கம், 67 வாட், 80 வாட் என்று விளம்பரம் செய்யும் பல போன்கள் தங்கள் நிறுவனத்தின் சொந்த முறையில்தான் அந்த வேகத்தை எடுக்கின்றன. பெட்டியில் வந்த சார்ஜரும் கேபிளும் இருந்தால்தான் அது நடக்கும், பொதுவான டைப்-சி சார்ஜரைப் போட்டால் 10 வாட்டுக்கோ 18 வாட்டுக்கோ இறங்கிவிடலாம். கணக்கு எக்கச்சக்கமாகத் தவறுவதற்கு வெப்ப இழப்பைவிட இதுதான் முதல் காரணம், அதனால் இந்தப் படியை அவசரப்பட்டுத் தாண்டாதீர்கள்.

கேபிளைப் பற்றியும் ஒரு வார்த்தை. இரண்டு மீட்டர் நீளமான மெல்லிய கேபிளின் மின்தடை கால் ஓம் இருக்கிறது என்று வையுங்கள். 5 வோல்ட்டில் 2 ஆம்பியர் ஓடினால் அரை வோல்ட் கேபிளிலேயே விழுந்துவிடும், பத்து வாட்டில் ஒரு வாட் கம்பியைச் சூடாக்குவதோடு முடிந்தது. வோல்ட் இறங்குவதைப் பார்க்கும் போன் ஆம்பியரை இன்னும் குறைத்துக்கொள்ளும். அதே பத்து வாட்டை 9 வோல்ட்டில் அனுப்பினால் ஆம்பியர் 1.1 ஆகக் குறைகிறது, கேபிளில் போவது 0.3 வாட்தான். வேக சார்ஜர்கள் வோல்ட்டை ஏற்றுவதற்குக் காரணமே இதுதான். டைப்-சி கேபிள்களில் சாதாரணமானவை 3 ஆம்பியர் வரை, அதாவது 20 வோல்ட்டில் 60 வாட் வரை. அதற்கு மேல் வேண்டுமென்றால் உள்ளே அடையாளச் சில்லு உள்ள 5 ஆம்பியர் கேபிள் தேவை.

படி 3: வெப்பமாகப் போவதைக் கழியுங்கள்

சுவரிலிருந்து பேட்டரி வரை இரண்டு கட்டங்களில் சக்தி வீணாகிறது. இந்த இரண்டையும் கலந்துவிடுவது மிகவும் சாதாரணமாக நடக்கும் தவறு.

முதல் கட்டம் சார்ஜருக்குள்ளே. வீட்டின் 230 வோல்ட் மாறுமின்சாரத்தை 5, 9 என்று இறக்கும்போது பத்து முதல் பதினைந்து சதவீதம் சூடாகப் போகலாம், சார்ஜர் கையில் சுடுவது அதனால்தான். ஆனால் இந்த இழப்பு நேரக் கணக்கில் வரவே கூடாது. சார்ஜரில் எழுதியிருக்கும் 25 வாட் என்பது ஏற்கெனவே அந்த இழப்பு போக வெளியே வருவது. இதை மறுபடி கழித்தால் நேரம் தேவையில்லாமல் கூடிக் காட்டும். கரண்ட் பில் கணக்கில் மட்டும்தான் இதற்கு வேலை.

இரண்டாவது கட்டம் கேபிளிலும் கருவிக்குள்ளும். உள்ளே வரும் 9 வோல்ட்டை பேட்டரிக்கு ஏற்ற அளவுக்கு இறக்கும் சுற்றில் கொஞ்சம் போகிறது, பேட்டரியின் உள் மின்தடையில் கொஞ்சம் போகிறது. இதைத்தான் நாம் கழிக்க வேண்டும். கம்பி வழியாக சார்ஜ் ஆகும் போனுக்கு 100 இல் 85 பேட்டரிக்குள் சேருகிறது என்று வைத்துக்கொண்டால் பெரும்பாலும் பொருந்தும். லேப்டாப்புக்கு 90 வைக்கலாம். கம்பியில்லாத சார்ஜிங் தட்டு என்றால் 65 அல்லது 70 க்கு மேல் நம்ப வேண்டாம். அதிலும் போன் சீக்கிரம் சூடாகி வாட்டைக் குறைத்துக்கொள்வதால் 15 வாட் தட்டு என்று வாங்கியது பாதி நேரம் அதில் பாதியைத்தான் தரும்.

பேட்டரிக்குள் ஏற்படும் சூடு ஆம்பியரின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். ஆம்பியர் இரண்டு மடங்கானால் உள்ளே ஏற்படும் சூடு நான்கு மடங்கு. மெதுவாக ஏற்றும்போது இழப்பு குறைவாகவும் வேகமாக ஏற்றும்போது அதிகமாகவும் இருப்பது இதனால்தான். போன் 40 டிகிரியை நெருங்கினால் பெரும்பாலும் தானாகவே வாட்டைக் குறைக்கத் தொடங்கிவிடும். மே மாதத்தில் மின்விசிறிகூட இல்லாத அறையில், தடிமனான உறையோடு, மெத்தை மேல் போட்டு சார்ஜ் செய்தால் கணக்கில் வந்த நேரத்தை எதிர்பார்க்கவே முடியாது.

படி 4: கடைசிப் பகுதி மெதுவாகத்தான் ஏறும்

லித்தியம் பேட்டரியை இரண்டு கட்டமாக ஏற்றுகிறார்கள். முதலில் ஆம்பியர் மாறாமல் ஓடும், பேட்டரியின் வோல்ட் மெல்ல ஏறிக்கொண்டே வரும். ஒரு செல்லுக்கு 4.2 வோல்ட் (புதிய போன்களில் 4.4 வோல்ட்டுக்குப் பக்கம்) என்ற மேல்வரம்பைத் தொட்டதும் வோல்ட்டை அங்கேயே பிடித்துக்கொண்டு ஆம்பியரைக் குறைத்துக்கொண்டே போவார்கள். குடம் நிறையும் நேரத்தில் சிந்தாமல் இருக்கக் குழாயைக் குறைத்துப் பிடிப்பது போலத்தான். இதை மீறி முழு வேகத்தில் தள்ளினால் லித்தியம் எதிர்முனைக்குள் நுழைய நேரமில்லாமல் அதன் மேற்பரப்பில் உலோகமாகப் படிந்துவிடும், அது பேட்டரியின் ஆயுளுக்கும் பாதுகாப்புக்கும் ஆபத்து.

இந்தத் தணிவு எப்போது தொடங்கும் என்பது வேகத்தைப் பொறுத்தது. அதற்கு ஒரு எளிய அளவு இருக்கிறது. பேட்டரிக்குள் போகும் வாட்டை வாட் அவரால் வகுங்கள். 19.35 வாட் அவர் பேட்டரிக்குள் 8.5 வாட் போனால் விகிதம் 0.44. இந்த விகிதத்தை வைத்து நான் பயன்படுத்தும் தோராயம் இது:

- 0.25 க்குக் கீழே என்றால் தணிவு மிகக் குறைவு, மொத்தத்தில் பத்து இருபது நிமிடம் சேர்த்தால் போதும்.
- 0.25 முதல் 0.5 வரை என்றால் 80 சதவீதத்துக்கு மேல் உள்ள பகுதியின் நேரத்தை ஒன்றரை மடங்காக்குங்கள்.
- 0.5 முதல் 1 வரை என்றால் அந்தப் பகுதியை இரண்டு மடங்காக்குங்கள்.
- 1 ஐத் தாண்டினால் 50 முதல் 80 வரை ஒன்றரை மடங்கு, 80 க்கு மேல் மூன்று மடங்கு.

இது எல்லா பேட்டரிக்கும் அச்சாகப் பொருந்தும் விதி அல்ல, நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும், ஆனால் தொடங்குவதற்கு இது போதும், பிறகு உங்கள் கருவியை அளந்து திருத்திக்கொள்ளலாம். "அரை மணி நேரத்தில் 50 சதவீதம்" என்று விளம்பரம் செய்கிறவர்கள் முழுதாக ஏற எவ்வளவு நேரம் என்று பெரிய எழுத்தில் போடாததன் காரணமும் இதில் இருக்கிறது. முதல் பாதிதான் வேகமாக ஏறும்.

முழுக் கணக்கு: ஒரே போன், இரண்டு சார்ஜர்

அதே 19.35 வாட் அவர் போன், 20 சதவீதத்திலிருந்து 100 வரை. முதலில் பழைய 10 வாட் சார்ஜர். 85 சதவீதம் உள்ளே சேருகிறது, அதாவது 8.5 வாட். விகிதம் 0.44, இரண்டாவது வரியில் விழுகிறது.

```
20 → 80   : 19.35 × 0.60 = 11.6 வாட் அவர் ÷ 8.5 = 82 நிமிடம்
80 → 100  : 19.35 × 0.20 = 3.87 ÷ 8.5 = 27 நிமிடம் × 1.5 = 41 நிமிடம்
மொத்தம்  : 123 நிமிடம்
```

இப்போது 25 வாட் சார்ஜர். உள்ளே சேருவது 21.25 வாட், விகிதம் 1.1, கடைசி வரி.

```
20 → 50   : 5.8 ÷ 21.25 = 16 நிமிடம்
50 → 80   : 16 நிமிடம் × 1.5 = 25 நிமிடம்
80 → 100  : 3.87 ÷ 21.25 = 11 நிமிடம் × 3 = 33 நிமிடம்
மொத்தம்  : 74 நிமிடம்
```

வாட் இரண்டரை மடங்கு கூடியும் நேரம் பாதியாகக்கூடக் குறையவில்லை, 123 இலிருந்து 74 க்குத்தான் வந்திருக்கிறது. ஆனால் 80 சதவீதத்தோடு நிறுத்திக்கொண்டால் கதை வேறு: 82 நிமிடத்துக்கு எதிராக 41 நிமிடம், சரியாகப் பாதி. வேக சார்ஜருக்குக் கொடுத்த காசு 80 வரைக்கும்தான் வேலை செய்கிறது. அவசரமாகக் கிளம்ப வேண்டிய நேரத்தில் 80 இல் பிடுங்கிக்கொண்டு போய்விடலாம், இரவு முழுக்கப் போட்டு வைப்பதற்கு பழைய 10 வாட் சார்ஜரே போதும், சூடும் குறைவு.

சார்ஜ் ஏறும்போது போனைப் பயன்படுத்தினால் அது தின்னும் வாட்டையும் கழிக்க வேண்டும். திரை அணைந்து கிடக்கும்போது அது பொருட்டே இல்லை. விளையாட்டு ஓடிக்கொண்டிருந்தால் நான்கைந்து வாட் போகலாம், 25 வாட் சார்ஜரில் அது தாங்கும், 10 வாட் சார்ஜரில் பாதி அதற்கே சரியாகிவிடும்.

லேப்டாப்: ஓடிக்கொண்டே ஏறும்போது

லேப்டாப்பில் இந்தக் கழித்தல்தான் முக்கியம், ஏனென்றால் பெரும்பாலும் வேலை செய்துகொண்டேதான் சார்ஜ் போடுகிறோம். முதலில் பேட்டரி இப்போது எவ்வளவு பிடிக்கிறது என்று பாருங்கள். விண்டோஸில் கமாண்ட் பிராம்ப்ட்டைத் திறந்து:

```
powercfg /batteryreport
```

இது ஒரு பக்கத்தைச் சேமித்து, அது எந்த இடத்தில் இருக்கிறது என்றும் காட்டும். அதில் `DESIGN CAPACITY` என்பது புதிதாக இருந்தபோது உள்ள அளவு, `FULL CHARGE CAPACITY` என்பது இப்போதைய அளவு. இரண்டும் மில்லி வாட் அவரில் இருக்கும், ஆயிரத்தால் வகுத்துக்கொள்ளுங்கள். லினக்ஸில்:

```
cat /sys/class/power_supply/BAT0/energy_full
cat /sys/class/power_supply/BAT0/power_now
```

இவை மைக்ரோ கணக்கில் வரும், பத்து லட்சத்தால் வகுக்க வேண்டும். சில லேப்டாப்களில் பேட்டரியின் பெயர் `BAT1` என்று இருக்கும், சிலவற்றில் `energy_full` க்குப் பதிலாக `charge_full` என்ற ஆம்பியர் கணக்குதான் கிடைக்கும், அப்போது வோல்ட்டால் பெருக்கிக்கொள்ள வேண்டும். சார்ஜ் ஏறும்போது `power_now` காட்டும் எண் எனக்கு மிகவும் பிடித்தமானது, ஏனென்றால் அது பேட்டரிக்குள் அந்த நொடியில் போகும் வாட். சார்ஜரின் வாட், இழப்பு, லேப்டாப் தின்பது என்று எதையும் ஊகிக்கவே வேண்டாம், நேரே அதால் வகுத்துவிடலாம்.

ஊகித்துத்தான் ஆக வேண்டும் என்றால் இப்படிப் போடலாம். புதிதாக 50 வாட் அவர் இருந்த பேட்டரி இப்போது 41 பிடிக்கிறது, 15 சதவீதத்திலிருந்து 80 க்கு ஏற வேண்டும், டைப்-சி சார்ஜர் 45 வாட், எழுத்து வேலையும் உலாவியுமாக லேப்டாப் 12 வாட் தின்கிறது.

```
தேவை            : 41 × 0.65 = 26.7 வாட் அவர்
பேட்டரிக்குள் : (45 − 12) × 0.90 = 29.7 வாட்
நேரம்            : 26.7 ÷ 29.7 = 0.9 மணி = 54 நிமிடம்
```

100 வரை வேண்டுமென்றால் மீதி 8.2 வாட் அவருக்கு 17 நிமிடம், விகிதம் 0.72 என்பதால் அதை இரண்டு மடங்காக்கி 33 என்று வைத்தால், மொத்தம் 87 நிமிடம்.

இதே லேப்டாப்பில் 18 வாட் போன் சார்ஜரைச் செருகினால் என்ன ஆகும்? 18 இல் 12 ஐ லேப்டாப்பே எடுத்துக்கொள்கிறது, மீதி 6 வாட், இழப்பு போக 5.4. அதே 80 சதவீதத்துக்கு வர ஐந்து மணி நேரம். வீடியோ எடிட்டிங் போன்ற கனமான வேலையைத் தொடங்கினால் தேவை 18 ஐத் தாண்டிவிடும், சார்ஜ் சின்னம் காட்டிக்கொண்டே சதவீதம் இறங்கும். பல லேப்டாப்கள் குறைந்த வாட் சார்ஜரை ஏற்கவே மறுக்கும். அதே சார்ஜர், ஆனால் லேப்டாப்பை அணைத்துவிட்டுப் போட்டால் முழு 18 வாட்டும் பேட்டரிக்கு, இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். பயணத்தில் சரியான சார்ஜர் இல்லாதபோது இது கைகொடுக்கும்.

மறுமுனையில் 100 வாட் சார்ஜர் வாங்கிப் போட்டால் 50 வாட் அவர் லேப்டாப் அரை மணியில் நிறையாது. பேட்டரியை எந்த வேகத்தில் ஏற்றுவது என்று உள்ளே இருக்கும் சுற்று ஒரு வரம்பு வைத்திருக்கும், கூடுதல் வாட் கனமான வேலைக்கு உதவுமே தவிர அந்த வரம்பைத் தாண்டாது.

மின்சார ஸ்கூட்டர்: நேரமும் யூனிட்டும்

ஸ்கூட்டரில் வெப்ப இழப்பை இரண்டு விதமாகவும் பார்க்க வேண்டியிருக்கிறது, நேரத்துக்கு ஒரு கணக்கு, மீட்டருக்கு ஒரு கணக்கு. 3 கிலோவாட் அவர் பேட்டரி, கையில் எடுத்துப்போகும் சார்ஜர், அதில் அவுட்புட் 58.8 வோல்ட், 12 ஆம்பியர் என்று வையுங்கள். பெருக்கினால் 705 வாட். ஆனால் 58.8 என்பது பேட்டரி நிறையும் நேரத்து வோல்ட். காலியாக இருக்கும்போது அது ஐம்பதுக்கும் கீழே இருக்கும், ஆம்பியரோ அதே 12. ஆகவே சராசரியாக 705 இல் 90 சதவீதம், சுமார் 635 வாட் என்று எடுத்துக்கொள்வதே சரி. இப்படிப்பட்ட நிலையான ஆம்பியர் சார்ஜர் எதற்கும் இது பொருந்தும்.

விகிதம் 635 ÷ 3000 = 0.21. இவ்வளவு மெதுவாக ஏறும்போது பேட்டரிக்குள் இழப்பு மூன்று சதவீதம் போட்டால் போதும், தணிவும் குறைவு.

```
10 → 100 : 2700 ÷ (635 × 0.97) = 4.4 மணி
செல்களைச் சமன்படுத்த : 15 – 20 நிமிடம்
மொத்தம் : ஏறக்குறைய 4 மணி 40 நிமிடம்
```

கடைசியில் சேர்த்த அந்த நிமிடங்கள், வரிசையில் உள்ள எல்லா செல்களும் ஒரே அளவுக்கு வரும்வரை பேட்டரிக் கட்டுப்பாட்டுப் பலகை காத்திருப்பதால் வருவது. 99 இல் நீண்ட நேரம் நிற்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். எப்போதாவது மட்டும் 100 வரை ஏற்றுகிற வண்டியில் இது இன்னும் நீளலாம்.

இப்போது மீட்டர். படி 3 இல் ஒதுக்கி வைத்த சார்ஜரின் உள் இழப்பு இங்கே உள்ளே வருகிறது. பேட்டரிக்குள் 2700 வாட் அவர் சேர வேண்டும், பேட்டரியில் 3 சதவீதம், சார்ஜரில் 12 சதவீதம் போகிறது என்றால் 2700 ÷ 0.97 ÷ 0.88 = 3160, அதாவது ஏறக்குறைய 3.2 யூனிட். உங்கள் வீட்டின் கடைசி அடுக்குக் கட்டணத்தால் இதைப் பெருக்கினால் ஒரு தடவை ஏற்றும் செலவு வந்துவிடும்.

இன்வெர்ட்டர் பேட்டரி: விதி மாறும் இடம்

வீட்டு இன்வெர்ட்டரில் இருக்கும் ஈய அமில பேட்டரிக்கு மேலே சொன்ன எண்களைப் போடக்கூடாது. லித்தியத்தில் உள்ளே போன மின்னோட்டம் ஏறக்குறைய முழுவதும் சேமிக்கப்படுகிறது. ஈய அமிலத்தில் ஒரு பகுதி தண்ணீரைப் பிரித்து வாயுவாக்குவதில் போய்விடும், அதனால்தான் அவ்வப்போது காய்ச்சி வடித்த தண்ணீர் ஊற்ற வேண்டியிருக்கிறது. வாட்டில் பார்த்தால் 75 சதவீதம் சேர்ந்தால் நல்லது.

150 ஆம்பியர் அவர், 12 வோல்ட் பேட்டரி என்றால் 1800 வாட் அவர். மின்வெட்டில் பாதி தீர்ந்திருந்தால் 900 திரும்ப ஏற வேண்டும். இன்வெர்ட்டர் 15 ஆம்பியரில் ஏற்றுகிறது, 13.5 வோல்ட்டில் அது சுமார் 200 வாட்.

```
900 ÷ (200 × 0.75) = 6 மணி
```

இதன் மேல் கடைசிப் பகுதியின் தணிவுக்கு மூன்று நான்கு மணி நேரம் சேர்க்க வேண்டும், ஈய அமிலம் அந்த விஷயத்தில் லித்தியத்தைவிட மந்தம். ஆக, பாதி தீர்ந்த பேட்டரி முழுதாக நிறைய ஒரு பகல் முழுக்கக் கரண்ட் வேண்டும். தினமும் இரண்டு மூன்று முறை நீண்ட மின்வெட்டு வரும் ஊரில் பேட்டரி ஒருபோதும் நிறையாமலே இருந்து, தட்டுகளில் சல்பேட் இறுகி, சீக்கிரம் படுத்துவிடுவது இதனால்தான்.

உங்கள் கருவிக்கான எண்ணை அளந்துகொள்ளுங்கள்

85, 90 என்று நான் சொன்னவை தொடக்க எண்கள். உங்கள் போன், உங்கள் கேபிள், உங்கள் அறைக்கு உரிய எண்ணை ஒரே ஒரு முறை கடிகாரத்தைப் பார்த்துக் கண்டுபிடித்துவிடலாம். திரையை அணைத்து வைத்து, 30 சதவீதம் காட்டும் நேரத்தையும் 60 காட்டும் நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். நடுப்பகுதியை எடுப்பதற்குக் காரணம், மெதுவான சார்ஜரில் அங்கே தணிவு இருக்காது, சதவீதக் கணக்கும் ஓரளவு நேராக இருக்கும்.

10 வாட் சார்ஜரில் அதற்கு 43 நிமிடம் ஆனது என்று வையுங்கள். 19.35 இல் 30 சதவீதம் 5.8 வாட் அவர், அதை 43 நிமிடத்தால், அதாவது 0.717 மணியால் வகுத்தால் 8.1 வாட். 10 இல் 8.1 என்றால் 81 சதவீதம். இனி 0.85 க்குப் பதிலாக 0.81 போடுங்கள், அவ்வளவுதான்.

இந்த எண் எங்கே பழுது என்றும் காட்டிக்கொடுக்கும். 25 வாட் சார்ஜரில் அளந்து 8 வாட் வந்தால் அது வெப்ப இழப்பு அல்ல, எந்தக் கருவியும் அவ்வளவு சூடாகித் தாங்காது. சார்ஜரும் போனும் ஒத்துப்போகாமல் 5 வோல்ட்டில் ஓடுகிறது என்று பொருள். 10 வாட் சார்ஜரில் 4 வாட் வந்தால் முதலில் கேபிளை மாற்றிப் பாருங்கள், குட்டையான, தடிமனான கேபிளில் நேரம் குறைந்தால் குற்றவாளி கிடைத்துவிட்டது. கேபிளை மாற்றியும் மாறவில்லை என்றால் டைப்-சி துளையில் பஞ்சு அடைத்திருக்கிறதா என்று பாருங்கள், சட்டைப் பையில் வைக்கும் போன்களில் இது அடிக்கடி நடக்கும். போனை அணைத்துவிட்டு மரக் குச்சியால் மெல்ல எடுக்கலாம், உலோக ஊசி வேண்டாம். முன்பு 80 இல் தொடங்கிய தணிவு இப்போது 60, 65 இலேயே தொடங்குகிறது, நடுப்பகுதியில் எண் சரியாகவே இருக்கிறது என்றால் சார்ஜரிலும் கேபிளிலும் தேட வேண்டாம். பேட்டரி வயதாகி உள் மின்தடை கூடியிருக்கிறது, அதனால் மேல்வரம்பு வோல்ட்டை முன்கூட்டியே தொட்டுவிடுகிறது, அந்த நிலையில் புது சார்ஜர் வாங்குவது வீண் செலவு.